முதல் பருவுக்கு மூன்று பொருள் போதும்

பாம்பனில் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். வயது பதின்மூன்று. காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். மதியத்துக்குள் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் மினுங்குகிறது. முடி தொடங்கும் இடத்தில் நாலைந்து சிறு பருக்கள், மூக்கின் மேல் கருப்புப் புள்ளிகள். அழுக்குதான் காரணம் என்று வீட்டில் சொல்ல, நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். பரு குறையவில்லை. முகம் இழுத்துப் பிடிக்கிறது, எரிகிறது.

அந்தக் கருப்பு அழுக்கு அல்ல. பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெரிதாக்குகின்றன. அதிகமாகச் சுரக்கும் எண்ணெயும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து மயிர்த்துளையை அடைக்கின்றன. அந்த அடைப்பு காற்றுப்பட்டுக் கருத்ததுதான் புள்ளி. உள்ளே கிருமி பெருகி வீங்கினால் சிவந்த பரு. தேய்ப்பதால் அடைப்பு வெளியே வராது, தோல்தான் புண்ணாகும்.

முதல் பொருள், மென்மையான ஃபேஸ்வாஷ். நம் கடலோரத்தில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. கிணற்றிலும் போரிலும் வருவது பல ஊர்களில் உப்பான, கடினமான தண்ணீர். அதில் சாதாரண சோப்பு சரியாக நுரைக்காமல் ஒரு படிவை முகத்தில் விட்டுவிடும். சோப்பு இல்லாத ஃபேஸ்வாஷ் அப்படிப் படியாது. எண்ணெய் வடியும் முகத்துக்கு 1 அல்லது 2 சதவீத சாலிசிலிக் அமிலம் கலந்ததை வாங்கலாம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, விரல் நுனியால் அரை நிமிடம். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும். முடிந்தால் கடைசியாக ஒரு சொம்பு காவிரி கூட்டுக் குடிநீரால் அலசுங்கள். கழுவிய பிறகு முகம் இழுத்துப் பிடித்தால் அந்த ஃபேஸ்வாஷ் அவளுக்குக் கடுமையானது.

இரண்டாவதுதான் மருந்து: பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல். கிருமியைக் குறைக்கும், அடைப்பையும் சற்றுத் தளர்த்தும். இரவில் முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஒவ்வொரு பருவின் மேலும் பொட்டு வைப்பது பலர் செய்யும் தவறு. அடுத்த பரு இன்னும் வெளியே தெரியாத இடத்தில்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது. கண், உதடு, மூக்கோரம் படக்கூடாது. முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். லேசான எரிச்சலும் உரிதலும் வரும். அதிகமானால் இடைவெளியைக் கூட்டுங்கள். முகம் வீங்கினால், கடுமையாக அரித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த ஜெல் துணியின் சாயத்தை வெளுக்கும், ஆகவே தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருக்கட்டும்.

மூன்றாவது சன்ஸ்கிரீன். நம் நிறத் தோலில் பரு போனாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கருக்கும். ராமேஸ்வரம், பாம்பன் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், ஜெல் வகை, 'நான்-காமெடோஜெனிக்' என்று எழுதியதாக இருக்கட்டும், அதாவது துளையை அடைக்காதது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியே கிளம்பக் கால்மணி நேரம் முன்பே பூசவேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடியும். பள்ளியில் அது நடக்காது; மாலை விளையாடப் போகுமுன் முகம் கழுவிப் பூசினாலே பெரிய உதவி.

இத்துடன் தேங்காய் எண்ணெய்ப் பழக்கத்தை மாற்றுங்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு வழிவதுதான் முடியோரப் பருக்களுக்குப் பெரும்பாலும் காரணம். குளிக்கும் முன் வைத்து அலசிவிட்டால் போதும், முகத்தில் தடவவே வேண்டாம். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைச் சுடும்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தரும் 'முகம் வெளுக்கும்' கிரீம்களைத் தொடாதீர்கள். பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் பரு அடங்கி முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், நிறுத்தினால் பரு முன்னைவிட மோசமாக வரும். டியூபின் பின்பக்கத்தில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள்.

ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். அதன் பிறகும் குறையாவிட்டால், ஆழமாக வலிக்கும் கட்டிகளோ குழிவிழும் தழும்போ இருந்தால், மாதவிலக்கு ஒழுங்கின்றி முகத்தில் முடியும் வளர்ந்தால், காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது இதுவரை பூசிய டியூப்களை எல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.