மஞ்சள் மறைக்கும் சிவப்பு

முகப்பருவுக்கு மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பூசுகிறவர்களில் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் இரண்டு நாள் கழித்துக் கன்னம் அரித்து, பொடிப்பொடியாகத் தடித்து எழும்பும். பருதான் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, அதே பேக்கை மறுபடியும் பூசுகிறார்கள். தோல் சிவந்திருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. மஞ்சள் கறை அதை மூடிவிடுகிறது.

பரு முளைப்பது தோலின் மேல்பரப்பில் அல்ல, மயிர்க்காலுக்குள். அங்கே சுரக்கும் எண்ணெயும் செத்த செல்களும் சேர்ந்து வாயை அடைக்க, உள்ளே பாக்டீரியா பெருகி வீக்கம் வருகிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினுக்கு வீக்கம் தணிக்கும் குணம் ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது, உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் அநேகமாகக் கரையாது, தோலுக்குள் எளிதில் இறங்காது. பதினைந்து நிமிடப் பூச்சு மேலே உள்ள எண்ணெய்ப் பசையை உறிஞ்சும், குளிர்ச்சி தரும். அதற்குமேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. அந்தச் சிறு பயனுக்காகத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை. நம்முடைய மாநிறத் தோலில் புண்ணோ அழற்சியோ ஆறிய இடம் கருத்துப்போய், மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

பூசிய சில நிமிடங்களிலேயே எரிந்தால் அது எரிச்சல். கழுவியதும் பெரும்பாலும் அடங்கும். ஒவ்வாமை அப்படியல்ல. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து அரிப்பாக வந்து, பூசாத இடத்துக்கும் பரவும். காதுக்குப் பின்னால் பொட்டு வைத்துவிட்டு அரைமணி நேரம் பார்ப்பதில் எரிச்சல்தான் தெரியும், ஒவ்வாமை தெரியாது. சோதனையை ஒரு வாரம் நீட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

கல்லூரி மாணவி ஒருத்தி, அக்கா கல்யாணத்துக்கு முன்பு பேக் போட நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தூளில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் குழைத்து, இடது முழங்கையின் உள்பக்கம் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குப் பூசுகிறாள். வலது கையில் சந்தனத் தூளை மட்டும் அதே போல. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகப் பூசினால்தான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். பதினைந்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். காலையும் மாலையும், ஏழு நாள்.

மஞ்சள் பூசிய இடத்தைப் பார்ப்பதில்தான் கவனம் வேண்டும். சோப்புப் போட்டால் அதிலுள்ள காரம் பட்டு மஞ்சள் செந்நிறமாக மாறும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தியில் சிவப்பதும் இதே வினைதான். அதைத் தோல் சிவந்ததாக எண்ணிப் பயப்படத் தேவையில்லை. குர்குமின் எண்ணெயில் கரையும் என்பதால், இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, அழுத்தாமல் துடைத்தால் கறை பெருமளவு போகும். மிச்சம் ஓரிரு நாளில் மங்கிவிடும். ஸ்கிரப் போட்டுத் தேய்த்தால் கறையைவிடப் பெரிய தொல்லை வரும். துடைத்தபின் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு, தடிப்பு, அரிப்பு இருந்தால் நிறம் எதுவானாலும் அது ஒவ்வாமையின் அடையாளமாக இருக்கலாம்.

புதன்கிழமை அவளுக்கு அரிக்கிறது. மஞ்சள் பூசிய இடது கை அல்ல, சந்தனம் பூசிய வலது கை. இப்படி நடக்கக்கூடியதுதான். அசல் சந்தனத்தின் விலைக்கு, சில பத்து ரூபாய்க்குச் சுத்தமான தூள் கிடைக்க வழியில்லை. மலிவான பாக்கெட்டில் வேறு மரத்தூளும் செயற்கை வாசனையும் இருக்கலாம். வாசனைப் பொருள்கள் தோல் ஒவ்வாமைக்குப் பெயர்போனவை. அசல் சந்தன எண்ணெயும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவள் சந்தனத்தை அன்றே நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் மட்டும் ஏழு நாள் தாண்டினால், தாடையோரம் ஒருமுறை சிறிதாகப் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம்.

இந்தப் பேக்கில் எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். அதன் புளிப்பு எரிச்சல் தரும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பிக் கருத்துவிடுவதும் உண்டு. சீழ் கட்டிய, தழும்பு விழும் பருக்கள் உள்ளவர்கள் இந்தப் பூச்சிலேயே நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பூசியபின் முகம் தடித்தால் தண்ணீரில் கழுவிவிட்டு, வேறு எதையும் தடவாமல் விடுங்கள். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். கண்ணிமையோ உதடோ வீங்கினால் அன்றே போக வேண்டும், மூச்சு இரைத்தால் நேரே அவசர சிகிச்சைக்கு. போகும்போது மஞ்சள், சந்தனப் பாக்கெட்டுகளை மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.