நூல் பிடித்துப் பார்த்த மெத்தை

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஆன்லைனில் ஒரு ஃபோம் மெத்தை வாங்கினோம். 78-க்கு 60 அங்குலம், கனம் 8 அங்குலம். பாயைப் போலச் சுருட்டி, காற்றை உறிஞ்சி, ஒரு பெட்டிக்குள் அடைத்து அனுப்பியிருந்தார்கள். உறையைக் கிழித்ததும் உப்பி எழுந்து கட்டிலை நிறைத்தது. "நூறு இரவு தூங்கிப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் பணம் வாபஸ்" என்பது ஒரு வாக்குறுதி. பத்து வருட வாரண்டி இன்னொன்று.

அந்த நூறு இரவும் சுகமாகவே தூங்கினோம். சிக்கலே அங்கேதான். ஃபோம் என்பது கோடிக்கணக்கான நுண்ணறைகளின் அடுக்கு. தினம் ஏழெட்டு மணி நேரம் ஒரே இடத்தில் எடை அழுத்த, உடம்புச் சூடும் வியர்வையும் சேர, அறைச் சுவர்கள் மெல்ல மெல்ல நைந்துபோகின்றன. இடுப்புக்குக் கீழே இருக்கும் பகுதிதான் முதலில் தளரும், எடை அதிகம் விழுவது அங்கே. எங்களுக்கு அது ஆறாவது மாதத்தில் உறைத்தது. அதற்குள் நூறு இரவு எப்போதோ முடிந்துபோயிருந்தது.

காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அக்கா வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தையில் இரண்டு நாள் படுத்தபோது வலியே இல்லை. "வயசு அங்க மட்டும் எப்படிங்க குறையும்?" என்றாள் மனைவி.

பள்ளத்தை அளப்பது எளிது. விரிப்பை எடுத்துவிட்டு, யாரும் படுக்காமல் மெத்தையைச் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் பார்க்க வேண்டும். எங்களுக்கு 27 மில்லிமீட்டர் வந்தது. வாரண்டி அட்டையில் 25 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவதாகப் போட்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று போட்டோக்களை அனுப்பினேன்.

"சார், மெத்தையைத் தரையில் போட்டு அளந்து அனுப்புங்க" என்று பதில் வந்தது. தட்டிக் கழிக்கிறார்கள் என்று கோபப்பட்டேன். போட்டுப் பார்த்தால் 21 மில்லிமீட்டர்! எங்கள் கட்டிலின் பிளைவுட் நடுவில் தொய்ந்திருந்தது. 6 மில்லிமீட்டர் கட்டிலின் கணக்கு. அந்த வரையில் அவர்கள் கேட்டது நியாயம்தான்.

ஆனாலும் இடுப்பு வலி பொய்யில்லையே. அதனால் இன்னொரு சோதனை செய்தேன். 25 கிலோ அரிசி மூட்டையை இடுப்பு படும் இடத்தில் வைத்தபோது மெத்தை 61 மில்லிமீட்டர் அமுங்கியது. யாரும் படுக்காத கால்மாட்டுப் பக்கம் அதே மூட்டை 38 மில்லிமீட்டர்தான் இறங்கியது. வாரண்டி பார்ப்பது வெறும் மெத்தையின் பள்ளத்தை. நாம் படுப்பதோ எடை ஏறியபின் விழும் பள்ளத்தில். ஃபோம் மென்மையாகிப் போவது "இயல்பான மாற்றம்" என்று அதே அட்டையில் பொடி எழுத்தில் இருந்தது. அதை வாங்கும்போதே படித்திருக்க வேண்டும். யார் படிக்கிறோம்?

விற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு முறை போன் செய்தேன், நான்கு முறையும் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. பிறகு குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லியாக வேண்டும். மறுநாளே ஒப்புகை வந்தது. மூன்றாவது வாரத்தில், அடுத்த மெத்தை வாங்கினால் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். இதே மெத்தைக்கா என்று கேட்டு விட்டுவிட்டேன். பள்ளம் 25-ஐத் தாண்டியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

இப்போது கட்டிலுக்குப் புதுப் பலகை போட்டாயிற்று. தலைமாடு கால்மாடாக மெத்தையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம், வலி பாதி குறைந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படித் திருப்பியிருந்தால் ஒரே இடம் இவ்வளவு சீக்கிரம் நைந்திருக்காது.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தையின் எடையைக் கேளுங்கள். எங்களுடையது 20 கிலோ; உறைக்கு 2 கிலோ கழித்தால், அந்த அளவுக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 29 கிலோதான் ஃபோம். அதே அளவில் 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள மெத்தையும் சந்தையில் உண்டு. அடர்த்தி கூடினால் பொதுவாகத் தளர்வதும் தள்ளிப்போகும். வாங்கிய பிறகு தொண்ணூறாவது இரவில் அரிசி மூட்டைச் சோதனையைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்ப அப்போது இன்னும் பத்து நாள் இருக்கும். விற்றவர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.