எதன் மேல் இருபது சதவீதம்?

மின்பொறியியல் படிப்பவர்களின் பவர் சிஸ்டம் தாளில் இப்படி ஒரு கணக்கு வரும். 50 எம்.வி.ஏ. திறனுள்ள ஒரு ஜெனரேட்டர் 11 கிலோவோல்ட்டில் மின்சாரம் தருகிறது. அதே திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதை 110 கிலோவோல்ட்டாக உயர்த்துகிறது. அங்கிருந்து 75 கிலோமீட்டருக்கு ஒரு மின்பாதை. பாதையின் கடைசியில் மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் எவ்வளவு கரண்ட் பாயும்?

கரண்டைத் தடுக்கப்போவது ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், மின்பாதை ஆகிய மூன்றின் ரியாக்டன்ஸ்தான். அதை ஓமில் கூட்டினால் என்ன? கூட்டலாம். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் நிற்கிறது. 11 கிலோவோல்ட் பக்கத்தில் 1 ஓமாக இருப்பது, 110 கிலோவோல்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் 100 ஓம். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரைக் கடக்கும்போதும் இப்படி மாற்றிக்கொண்டே போக வேண்டும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் பர் யூனிட் முறை. எந்த அளவையும் நாம் தேர்ந்துகொண்ட ஓர் அடிப்படை அளவின் பங்காகச் சொல்வது அது. அடிப்படை வோல்ட்டேஜை டிரான்ஸ்ஃபார்மரின் விகிதப்படியே இரு பக்கமும் வைத்தால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எண் மாறாது.

ஜெனரேட்டருக்கு 0.2, டிரான்ஸ்ஃபார்மருக்கு 0.1 என்று கேள்வியில் கொடுத்திருப்பார்கள். இவை அந்தந்த இயந்திரத்தின் சொந்தத் திறனை வைத்துச் சொன்னவை. மாதம் 20,000 ரூபாய் வாங்குபவரின் பத்து சதவீதத்தையும் 50,000 வாங்குபவரின் பத்து சதவீதத்தையும் கூட்டி இருபது சதவீதம் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் முதல் வேலை, எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படை. 100 எம்.வி.ஏ. என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை இரட்டிப்பதால் பர் யூனிட் எண்ணும் இரட்டிக்கும்.

ஜெனரேட்டர்: 0.2 × 100 / 50 = 0.4
டிரான்ஸ்ஃபார்மர்: 0.1 × 100 / 50 = 0.2

மின்பாதைக்கு ஓமில்தான் கொடுத்திருப்பார்கள். கிலோமீட்டருக்கு 0.4 ஓம் என்றால் 75 கிலோமீட்டருக்கு 30 ஓம். அடிப்படை ஓம் என்பது கிலோவோல்ட்டின் வர்க்கத்தை எம்.வி.ஏ.வால் வகுத்தது.

அடிப்படை ஓம்: 110² / 100 = 121
மின்பாதை: 30 / 121 = 0.248

மூன்றையும் கூட்டினால் 0.848. வோல்ட்டேஜ் 1 பர் யூனிட் என்பதால், கரண்ட் 1 / 0.848 = 1.179. 110 கிலோவோல்ட் பக்கத்தில் அடிப்படை கரண்ட் 100,000 / (√3 × 110) = 525 ஆம்பியர். ஆக, ஃபால்ட் கரண்ட் ஏறத்தாழ 619 ஆம்பியர்.

அடிப்படையை மாற்ற மறந்தவர் 0.2, 0.1, 0.248 என்று கூட்டி 0.548 என்பார். அவருக்குக் கிடைப்பது 958 ஆம்பியர். இதில் மதிப்பெண் மட்டும் போவதில்லை. இந்தப் பாதையில் முழுச் சுமையில் ஓடுவது 262 ஆம்பியர். ரிலே அதற்கு மேலும், ஃபால்ட் கரண்டுக்குக் கீழும் செயல்படத் தொடங்க வேண்டும். 958-ஐ நம்பி 700 ஆம்பியரில் வைத்துவிட்டால், உண்மையில் பாயும் 619 ஆம்பியரை அந்த ரிலே கண்டுகொள்ளாது. பாதை அறுபடாமல் வெந்துகொண்டிருக்கும்.

958 பார்வைக்குத் தவறாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். அதனால் ஓமிலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. 110 கிலோவோல்ட் பக்கத்தில் 50 எம்.வி.ஏ.வுக்கான அடிப்படை 242 ஓம். அதில் 0.2 பங்கு 48.4, 0.1 பங்கு 24.2, மின்பாதை 30, மொத்தம் 102.6 ஓம். ஒரு ஃபேஸின் வோல்ட்டேஜான 63,509-ஐ இதால் வகுத்தால் அதே 619 வருகிறது. மின்பாதைக்குத் தவறுதலாக 11 கிலோவோல்ட் அடிப்படையை எடுத்திருந்தால், 0.248 இருக்க வேண்டிய இடத்தில் 24.8 வந்து நிற்கும். அந்தப் பிழை உடனே கண்ணில் படும்.

இந்த விடை ஃபால்ட் நேர்ந்த முதல் சில சுழற்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். பிறகு ஜெனரேட்டரின் ரியாக்டன்ஸ் கூடி, கரண்ட் குறையும். மூன்று கம்பிகளும் ஒன்றுசேரும் ஃபால்ட்டும் அரிது. மேல்நிலைக் கம்பிகளில் அடிக்கடி நடப்பது ஒரு கம்பி தரையோடு இணைவதுதான். அதற்கு 1918-இல் ஃபோர்டெஸ்க்யூ வகுத்த முறைப்படி மூன்று தனிச் சுற்றுகள் வரைந்து தொடராக இணைக்க வேண்டும். அந்த மூன்றிலும் எழுதப்போவது பர் யூனிட் எண்களைத்தான். அடிப்படையை மாற்ற மறந்தால் பிழையும் மூன்று சுற்றிலும் உட்கார்ந்துவிடும்.