உரித்த வெங்காயத்துக்கு விலை போடுவது எப்படி?

ஆரணியில் தறி வேலை நடக்கும் வீடுகளுக்கும் சிறு ஓட்டல்களுக்கும் காய் நறுக்கித் தர நினைக்கும் சகோதரிகளே, முதலில் தராசை எடுங்கள். கிலோ 50 ரூபாய்க்கு 10 கிலோ சின்ன வெங்காயம் வாங்கினால் 500 ரூபாய். தோலும் அழுகலும் போக எட்டரை கிலோ தேறியது என்று வையுங்கள். அப்போ ஒரு கிலோவின் அடக்கம் 50 அல்ல, ஏறக்குறைய 59 ரூபாய். 60-க்குக் கொடுத்தால் உரித்த கூலி, பை, வண்டிச் செலவு எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது ஒரே ரூபாய்தான்!

தோல் சுலபமா வரணும்னு ஊறவைத்தால், துணியில் உலர்த்திய பிறகே நிறுங்கள். ஈரத்தோடு கட்டினால் எடை கூடுதலாகக் காட்டும். மறுநாள் வழவழத்து நாறும், ஓட்டல்காரர் திருப்பி அனுப்புவார்.

மசாலாவுக்கும் இதே கணக்குதான். வறுத்தால் மிளகாய், மல்லி எடை குறையும். அரைத்துச் சலித்த தூளை நிறுத்த பிறகே விலை போடணும்.