94க்குப் பிறகு என்ன இலக்கம்?

பரிஸ் லாச்சப்பலில் ரெலிபோன் காட் அமோகமாக விற்ற காலத்தில், கடைக்குள் நுழைகிறவர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அண்ணை, இந்தக் காட்டில ஊருக்கு எத்தனை நிமிசம் கதைக்கலாம்?" அண்ணை உடனே பதில் சொல்லமாட்டார். "வீட்டு போனுக்கோ, கைபோனுக்கோ?" என்று திருப்பிக் கேட்பார். கண்ணாடியில் ஒட்டிய விலைத்தாளில் இலங்கைக்கு ஒரு விலை இருக்காது. இரண்டோ மூன்றோ இருக்கும்.

அண்ணைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வாயிருந்தது. அழைப்பை இணைக்கிற கணினியிடம் இருப்பதோ அழுத்தப்பட்ட இலக்கங்கள் மட்டும். எண் எந்த நாடு, எந்த ஊர், எந்தக் கம்பனி என்று இணைப்புக் கிடைக்கும் முன்பே அது முடிவுசெய்துவிட வேண்டும். பொண்டியில் என் வீட்டு மேசையில் இருந்து அப்படியொரு சிறு நிரலை எழுதியபோதுதான், தேடுவது எளிது, தேடியது பிழைத்துப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்று விளங்கியது.

நாட்டை மட்டும் அறிவதில் சிக்கல் குறைவு. சர்வதேச எண் முறையில் ஒரு முழு எண்ணுக்கு 15 இலக்கங்களுக்கு மேல் இல்லை. நாட்டுக் குறியீடு ஒன்றிலிருந்து மூன்று இலக்கம். ஒரு குறியீடு இன்னொன்றின் தொடக்கமாக வராதபடி அவற்றைப் பகிர்ந்திருக்கிறார்கள். 94 இலங்கை என்றால், 941 என்றோ 947 என்றோ வேறு நாடு கிடையாது. ஆனால் விலை நாட்டோடு நிற்பதில்லை. 9421 யாழ்ப்பாணம், 9424 வவுனியா, 9477 டயலொக் கைத்தொலைபேசி. 44 பிரித்தானியா, 447 பெரும்பாலும் அங்குள்ள கைத்தொலைபேசிகள். ஆனால் 447797 ஜேர்சித் தீவின் கைத்தொலைபேசி, அதன் விலை வேறாக இருக்கலாம். இப்போது ஒரே எண்ணுக்கு அட்டவணையில் இரண்டு மூன்று வரிகள் பொருந்துகின்றன. அவற்றுள் மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டு எதுவோ அதுவே செல்லும் என்பதுதான் விதி. சின்ன முன்னொட்டு பொது விதி, நீளமான முன்னொட்டு அதற்கு விலக்கு.

```python
rates = {
    "94": "Sri Lanka",
    "9421": "Jaffna",
    "9477": "Dialog",
    "44": "UK",
    "447": "UK mobile",
    "447797": "Jersey mobile",
}
MAX = max(len(p) for p in rates)

def find(num):
    for n in range(min(MAX, len(num)), 0, -1):
        p = num[:n]
        if p in rates:
            return p, rates[p]
    return None
```

அட்டவணையில் மிக நீளமான முன்னொட்டு ஆறு இலக்கம். ஆகவே எண்ணின் முதல் ஆறு இலக்கத்தை எடுத்து முதலில் தேடுகிறது. இல்லையென்றால் கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு மறுபடி தேடுகிறது. ஒருவர் 94212 என்று தொடங்கும் யாழ்ப்பாண எண்ணொன்றை அழைக்கிறார்; அடுத்த இலக்கமும் 2 என்று வைப்போம். 942122 இல்லை, 94212 இல்லை, 9421 இருக்கிறது: மூன்றாம் முயற்சியில் யாழ்ப்பாணம். வவுனியாவுக்கு 9424 என்று அழைத்தால் அந்த வரி அட்டவணையில் இல்லை. ஐந்தாம் முயற்சியில் 94இல் வந்து நிற்கும். இதையே மரம்போல அடுக்கி, இலக்கத்துக்கு ஒரு கிளையாக இறங்குகிறவர்களும் உண்டு. அப்போது முன்னாலிருந்து போய், வழியில் கடைசியாகக் கண்ட வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணுக்கு 15 இலக்கம்தான் என்பதால் இந்த வேலைக்கு வெட்டி வெட்டித் தேடும் முறையே போதும்.

புதிதாக எழுதுகிறவர் அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்திய முதல் வரியிலேயே நின்றுவிடுவார். அங்கே 94 முதலில் இருந்தால் இலங்கைக்கான எல்லா அழைப்புக்கும் அதுவே பதில். நிரல் எங்கும் முறியாது, பிழைச்செய்தியும் வராது.

சரியாக எழுதிய நிரலிலும் இதே ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. மேலே உள்ள அட்டவணையில் டயலொக்கிற்கு 9477 மட்டும் இருக்கிறது. அந்தக் கம்பனியின் எண்கள் 76, 74 என்றும் தொடங்கும். 9476க்கு வரி இல்லாததால் அந்த அழைப்பு சத்தமில்லாமல் 94இன் விலைக்கு இறங்கிவிடும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 94ஐ நிமிடம் 10 சதத்துக்கு விற்கிறோம், கைத்தொலைபேசி நிமிடத்தை 12 சதத்துக்கு வாங்குகிறோம். நாளுக்கு 500 நிமிடம் 9476க்குப் போனால் தினமும் 10 யூரோ போகும். வாடிக்கையாளருக்கு மலிவு, முறைப்பாடு வராது. மாதக் கடைசியில் பில் வந்த பிறகுதான் தெரியும்.

அதனால்தான் `find` பெயரோடு பொருந்திய முன்னொட்டையும் சேர்த்துத் திருப்பித் தருகிறது. ஒவ்வோர் அழைப்போடும் அதைப் பதிந்து, வெறும் 94இல் வந்து நின்றவை எத்தனை என்று வாரத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். தொகை திடீரென்று ஏறியிருந்தால், அந்த எண்களின் அடுத்த இரண்டு இலக்கத்தை வகைபிரித்துப் பார்த்தால் போதும். எந்த வரி விடுபட்டது என்று 76 தானே காட்டிக்கொடுக்கும்.

தேடுவதற்கு முன்னால் எண்ணைச் சுத்தம்செய்ய வேண்டும். ஆட்கள் 9421 என்று அழுத்துவதில்லை, 009421 என்றுதான் அழுத்துகிறார்கள். (1996 ஒக்டோபர் 18 வரை பிரான்சில் வெளிநாட்டுக்கு 19 அழுத்த வேண்டியிருந்தது, அன்றுதான் 00வும் பத்து இலக்க எண்ணும் வந்தன.) உள்ளூருக்கு 01, 06 என்று தொடங்குகிறார்கள், அங்கே முன்னுள்ள 0ஐ எடுத்துவிட்டு 33 போட வேண்டும். இதை நேரே எழுதியபோது நானும் ஒருமுறை சறுக்கினேன். 0692 என்று தொடங்கும் எண் பார்வைக்குப் பரிஸ் கைத்தொலைபேசி போலவே இருக்கும், இங்கிருந்து அதே பத்து இலக்கமாகத்தான் அழுத்துகிறோம். ஆனால் அது தமிழ் வேருள்ள பல குடும்பங்கள் வாழும் ரெயூனியன் தீவு; அதன் சர்வதேச வடிவம் 33692 அல்ல, 262692. தீர்வு கையிலேயே இருந்தது. சுத்தம்செய்வதற்கும் அதே நீள முன்னொட்டு விதி:

```python
clean = {"00": "", "0": "33",
         "0262": "262262",
         "0692": "262692", "0693": "262693"}
```

00 என்பது 0ஐவிட நீளம், 0692 அதைவிட நீளம். எது முந்த வேண்டும் என்று தனியாக நிபந்தனை எழுதத் தேவையில்லை. திறவுகோல்கள் மேற்கோள் குறிக்குள் சொற்களாக இருப்பது கட்டாயம். எண்ணாக மாற்றினால் 0692, 692 ஆகிவிடும். விரிதாளில் இருந்து எடுக்கும்போது இப்படித்தான் பூச்சியங்கள் தொலைகின்றன.

இன்னொரு பூச்சியமும் உண்டு. ஊரில் 021 என்று எழுதிப் பழகியவர்கள் 0094 021 என்று அழுத்துவார்கள். இலங்கை எண் 94ஓடு சேர்த்து 11 இலக்கம்; 12 வந்து, 94க்கு அடுத்தது 0 என்றால் அதை நீக்கலாம். எல்லா நாட்டுக்கும் இப்படிச் செய்யக்கூடாது. இத்தாலியில் ரோமின் எண் 3906 என்று பூச்சியத்தோடுதான் செல்லும். எடுத்தால் அழைப்புப் போய்ச்சேராது.

கம்பனியைக் கண்டுபிடிப்பதில் மட்டும் முன்னொட்டு ஓரளவுக்கு மேல் உதவாது. பிரான்சில் கைத்தொலைபேசி எண்ணை மாற்றாமலே கம்பனி மாறும் வசதி 2003இல் வந்தது. 3179க்கு அழைத்து அடையாளக் குறியீட்டை வாங்கிப் புதுக் கம்பனியிடம் கொடுத்தால் போதும். அதன்பிறகு 336 என்று தொடங்கும் எண்ணின் முன்னொட்டு, அந்தத் தொகுதி முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். இன்று யார் சேவை தருகிறார்கள் என்று சொல்லாது. அதற்கு, மாறிப்போன எண்களின் பட்டியலைத் தனியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலுக்கு நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. மாறிப்போன ஒவ்வோர் எண்ணையும் 11 இலக்கமும் முழுதாக அட்டவணையில் போட்டால், இருக்கக்கூடிய மிக நீளமான முன்னொட்டு அதுதான். தேடல் அங்கேதான் தொடங்குகிறது.