காதலைச் சொன்னதும் தோழி ஏன் மௌனமாகிறாள்?

இப்படி ஒரு இணையை எடுத்துக்கொள்வோம். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். கல்லூரி விடுதியில் ஒரே அறை, இப்போது சென்னையில் வேலை, வேளச்சேரியில் ஒரே வாடகை வீடு. ஒருத்தி ஒரு நாள் இரவு விஷயத்தைப் போட்டு உடைக்கிறாள்: அலுவலகத்தில் ஒருவரோடு மூன்று மாதமாகப் பழக்கம், இருவருக்கும் மனசுக்கு உறுதியாகிவிட்டது. "சூப்பர்டி, ரொம்ப சந்தோஷம்" என்கிறாள் தோழி. மறுநாளிலிருந்து காதில் இயர்போன். "சாப்பிட்டேன்", "தூங்கப்போறேன்", "வேலை இருக்கு" என்று ஒற்றை வரிப் பதில்கள். சண்டை கிடையாது, முகச்சுளிப்புகூடக் கிடையாது. பேச்சு மட்டும் இல்லை.

சொன்னவளின் மனதில் முதலில் வருவது "பொறாமை" என்ற சந்தேகம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லோடு நின்றுவிட்டால் தோழி மீது கோபம் மட்டும்தான் மிஞ்சும், எதனால் என்பது தெரியாமலே போகும்.

தோழியின் பயத்துக்கு ஆதாரம் உண்டு. நட்பு வட்டங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ராபின் டன்பர், 540 பேரிடம் விசாரித்து 2010-இல் ஒரு கணக்கைச் சொன்னார். மனம் விட்டுப் பேச, ஆபத்தில் ஓடிப்போய் நிற்க, ஒருவருக்குச் சராசரியாக ஐந்து பேர் இருக்கிறார்கள். காதலில் விழுந்தவர்களுக்கோ நான்கு பேர்தான், அதிலும் ஒருவர் புதிதாக வந்த காதல் துணை. அதாவது பழையவர்களில் இரண்டு பேர் வெளியே போயிருக்கிறார்கள். நேரமும் கவனமும் அளவாகத்தான் இருக்கின்றன, புதியவருக்குக் கொடுப்பதை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். இந்த ஆய்வைப் படிக்காமலே நம் தோழிக்கு இது தெரியும். விடுதியில் கூட இருந்த எத்தனை பேர் கல்யாணப் பத்திரிகையோடு காணாமல் போனார்கள் என்பதை அவள் பார்த்தவள்தானே.

ஆனால் நேரம் குறைவது மட்டும்தான் காரணம் என்றால், மௌனம் மெல்ல மெல்ல, சில மாதங்கள் கழித்து வந்திருக்க வேண்டும். சொன்ன மறுநாளே ஏன் வந்தது? அன்று வரை அவள் எதையும் இழக்கவில்லையே. இதற்கு வேறொரு ஆய்வு உதவுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேமி கிரெம்ஸும் உடன் பணியாற்றியவர்களும் நட்பில் வரும் பொறாமையைப் பற்றி 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நண்பர் புதியவரோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்பதைவிட, "என் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிட்டாரா?" என்ற எண்ணமே அதிகம் சுடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். இடம் போய்விட்டது என்ற செய்தியைக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

நம் கதையில் அந்த இடம் எது? இரவு பத்து மணிக்கு இருவரும் மொட்டை மாடிக்குப் போவார்கள். கொடியில் காயும் துணியை எடுப்பது பெயருக்கு. அரை மணி நேரம் அன்றைய கதை முழுவதும் ஓடும். கடந்த மூன்று மாதமாக அந்தப் பத்து மணிக்கு ஒரு அழைப்பு வருகிறது, இவள் "ஆபீஸ் கால்" என்று சொல்லிக் கீழே இறங்கிவிடுகிறாள். காதலைச் சொன்ன அன்று தோழிக்கு அந்த மூன்று மாதமும் ஒரேயடியாக விளங்குகிறது. தனக்குரிய நேரத்தில் வேறொருவர் இருந்தார், அதைத் தன்னிடமே மறைத்தார்கள். இந்த இரண்டில் எது அதிகம் வலித்தது என்பதை அவள் பேச்சிலேயே பிடிக்கலாம். "எப்ப இருந்து?" என்று திரும்பத் திரும்பத் தேதியைக் கேட்டால், தாமதமாகச் சொன்னதுதான் உறுத்தல். தேதியைக் கேட்கவே இல்லை, ஆனால் மாடிக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள் என்றால், இடம் போன வருத்தம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மேல்நாட்டு ஆய்வுகளில் இதைத் தேடினால் கிடைப்பது கடினம். இங்கே காதல் வீட்டுக்குத் தெரியாமல் தொடங்குகிறது, அதை முதலில் கேட்கும் தோழி அந்த நிமிடமே கூட்டாளி ஆகிவிடுகிறாள். அம்மா போன் செய்வார். மகள் எடுக்கவில்லை என்றால் அடுத்த அழைப்பு தோழிக்குத்தான்: "எம்மா, அவ பக்கத்துல இருக்காளா? போன எடுக்க மாட்டேங்கா." இனி ஒவ்வொரு முறையும் "குளிக்கிறா ஆன்ட்டி", "தூங்கிட்டா ஆன்ட்டி" என்று அவள் பொய் சொல்ல வேண்டும். பையன் வேறு சாதி என்றால் இந்தப் பொய்யின் எடை பல மடங்கு. இரு குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்து ஊர். என்றாவது விஷயம் வெடித்தால், "கூடவே இருந்தியே, உனக்குத் தெரியாமயா நடந்துச்சு?" என்ற கேள்வி இவள் வீட்டு வாசலுக்கும் வரும். தன் அப்பா அம்மா தலைகுனிவார்கள், தன் வேலையும் சென்னை வாசமும்கூட ஆட்டம் காணலாம். இதையெல்லாம் தோழியிடம் சொன்னால் "காதலுக்கு எதிரி" என்ற பட்டம் கிடைக்கும். ஆகவே வாயை மூடிக்கொள்கிறாள். என் பார்வையில், நாம் பொறாமை என்று நினைக்கும் மௌனங்களில் கணிசமானவை இந்தப் பயம்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: மற்ற எல்லாவற்றையும் சகஜமாகப் பேசுகிறவள், வீட்டிலிருந்து உங்களுக்கு போன் வரும்போது மட்டும் அறையை விட்டு எழுந்து போகிறாளா என்று பாருங்கள்.

அந்தப் பையனைப் பற்றி அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம். அப்போது மௌனம் அவர் பெயரைச் சுற்றி மட்டும் இருக்கும், "யாரு, எந்த டீம்?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். இல்லையென்றால், உங்கள் மேல் அவளுக்கோ அவனுக்கோ சொல்லப்படாத காதல் இருந்திருக்கலாம். சினிமா நமக்குப் பழக்கிவிட்டதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், குறிப்பாக ஆண் பெண் நட்பில். நீங்களாக ஊகித்து அதை வாய்விட்டுக் கேட்பது நல்லதல்ல. தவறாக இருந்தால் அவமானம், சரியாக இருந்தால் அதைவிட அவமானம்.

என்ன செய்வது? "கோபமா?" என்ற கேள்வி வேலைக்கு ஆகாது. "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்ற பதில் தயாராக இருக்கிறது, அதோடு கதவும் மூடிவிடும். கேள்வியை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தைச் சொல்லிவிடுவது மேல். "உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், பயத்துல விட்டுட்டேன்." பயம்தான் காரணம் என்று தோன்றினால்: "அம்மா போன் பண்ணா நீ பொய் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியாது ஆன்ட்டின்னு சொல்லிடு. உன் பேரை நான் எங்கேயும் இழுக்க மாட்டேன்." இதைச் சொன்னால் காப்பாற்றவும் வேண்டும். அடுத்த வாரமே "அவகூட ஷாப்பிங் போறேன்மா" என்று வீட்டில் அளந்துவிட்டால் மௌனம் இரட்டிப்பாகத் திரும்பும்.

பத்து மணி அழைப்பைப் பதினொன்றுக்குத் தள்ளச் சொல்வது இன்னும் எளிது. பலர் இங்கேதான் தலைகீழாகச் செய்கிறார்கள். தோழியைச் சமாதானப்படுத்த மூவருமாக வெளியே சாப்பிடப் போகலாம் என்று அழைப்பார்கள். அந்த மேஜையில் இருவருக்குள் மட்டும் புரிகிற சிரிப்புகள் ஓட, தோழி தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அறிமுகம் பிறகு நடக்கட்டும். முதலில் சில வாரம் அவரைப் பற்றிய பேச்சே இல்லாமல் மாடிக்குப் போங்கள். அவளுடைய அலுவலகத்தில் அந்த மேனேஜர் இன்னும் தொல்லை கொடுக்கிறாரா என்று கேளுங்கள். அவளாகவே "உன் ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்டால் அறிமுகத்துக்கு நாள் குறிக்கலாம். மாதக்கணக்கில் கேட்கவே இல்லையென்றால், அவள் வேறு வீடு பார்க்கத் தொடங்கியிருக்கவும் கூடும். அட்வான்ஸ் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சை அவளே எடுக்கும்வரை காத்திருக்காமல் நேராகக் கேட்டுவிடுங்கள்.