பென்சிலின் ஒத்துக்கொள்ளாதபோது

பென்சிலின் மூலக்கூறு மிகச் சிறியது. தனியாக இருந்தால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் உடலுக்குள் அதன் வளையம் உடைந்து ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்போது, அந்தப் புரதம் அந்நியனாகத் தெரியலாம். சிலருக்கு அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகி, மாஸ்ட் செல்களின் மேல் உட்கார்ந்துவிடும். முதல் ஊசியில் ஒன்றும் நடக்காதது இதனால்தான்.

அடுத்த முறை மருந்து ஏறிய சில நிமிடங்களில் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். உடம்பெங்கும் தடிப்பு, தொண்டை அடைப்பு, மூச்சில் வீசிங், ரத்த அழுத்தச் சரிவு. இதுதான் அனாஃபிலாக்சிஸ். உடனே தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் போட வேண்டும், பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும். அவில் ஊசி அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காக்காது.

இது 1963-இல் ஜெல்லும் கூம்ப்ஸும் வகுத்த நான்கில் முதல் வகை. இதே பென்சிலின் மற்ற மூன்றையும் செய்யும். அதிக அளவில் செலுத்தினால் சிவப்பணுக்களை எதிர்ப்பொருள்கள் அழிக்கலாம்: இரண்டாம் வகை. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் மூன்றாவது. சில நாள் கழித்துத் தோன்றும் சிவந்த தடிப்பு, டி செல்கள் செய்யும் நான்காவது.

ஆகவே, “எனக்குப் பென்சிலின் அலர்ஜி” என்பவரிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை நேரம் கழித்து வந்தது என்பதைத்தான். வெறும் வயிற்றுப்போக்கு என்றால் அது அலர்ஜியே இல்லை.